மூச்சு முட்டவைப்பது எது? மூளைத்தண்டும் கார்பன் டை ஆக்சைடும்

மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தால், பழக்கமில்லாத ஒருவருக்கு ஒரு நிமிடம் போவதே பெரும்பாடு. நெஞ்சு அடைக்கும், உதரவிதானம் தானாகவே வெட்டி இழுக்கும், எவ்வளவு பிடிவாதக்காரராக இருந்தாலும் கடைசியில் வாயைத் திறந்துவிடுவார். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அதனால்தான் தாங்க முடியவில்லை என்று நினைப்போம். அந்தக் கணத்தில் அவருடைய இரத்தத்தை அளந்து பார்த்தால் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 90 சதவீதம் இன்னும் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். அவரை வாய் திறக்க வைத்தது, வெளியே போக வழியில்லாமல் உள்ளே சேர்ந்துகொண்டே போன கார்பன் டை ஆக்சைடு.

மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் மூளைத்தண்டு எப்படித் தீர்மானிக்கிறது என்று புரிந்துகொள்ள இதுதான் சரியான நுழைவாயில். சாதாரண நாட்களில் உடல் கணக்குப் பார்ப்பது கார்பன் டை ஆக்சைடை வைத்துத்தான். ஆக்சிஜனுக்கும் ஒரு காவல் உண்டு, ஆனால் நிலைமை நன்றாகவே கெட்ட பிறகுதான் அது பலமாகக் குரல் கொடுக்கும். இந்த ஏற்பாடு எப்போதும் சரியாகவே நடக்கிறது என்று சொல்ல முடியாது. அதை ஏமாற்ற முடியும், ஏமாற்றியவர்கள் இறந்தும் போயிருக்கிறார்கள். அந்த இடத்துக்குப் போகும் முன் அடிப்படையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

தாளம் பிறக்கும் இடம்

இதயத்துக்குத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டாலும் அது துடிக்கும். நுரையீரல் அப்படி இல்லை. தன்னை விரித்துக்கொள்ள அதற்குத் தசை கிடையாது. அதை விரிப்பவை உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும். இவை கை கால் தசைகளைப் போன்ற எலும்புத் தசைகள், நரம்பு வழியாக ஆணை வந்தால்தான் சுருங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு புதிய ஆணை வேண்டும்.

உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் பிரிவுகளில் இருந்து கிளம்புகிறது. விபத்தில் தண்டுவடம் இதற்குக் கீழே அறுபட்டால் கை கால் செயலிழந்தாலும் மூச்சு ஓடும். இதற்கு மேலே அறுபட்டால் மூச்சு அங்கேயே நின்றுவிடும். ஆக ஆணை மேலே இருந்து வருகிறது. வரும் இடம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளம்.

முகுளத்துக்குள் எந்த இடம் என்பதற்கு 1991-இல் ஒரு தெளிவான பதில் கிடைத்தது. ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிறந்த எலிக்குட்டியின் மூளைத்தண்டில் இருந்து ஒரு மெல்லிய சீவலை வெட்டி, உப்புக் கரைசலில் உயிரோடு வைத்துப் பார்த்தார்கள். நுரையீரலும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. அப்படியும் அந்தச் சீவல் விட்டு விட்டு மின்துடிப்பு எழுப்பிக்கொண்டே இருந்தது. உடலில் இருந்து பிரித்த பிறகும் அது மூச்சுக்கான தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நரம்புத் திரளுக்கு ப்ரீபாட்ஸிங்கர் கூட்டமைப்பு என்று பெயர். அதில் உள்ள செல்கள் ஒன்றையொன்று தூண்டி, தூண்டல் பெருகிப் பெருகி ஒரே வீச்சாக வெடிக்கும். அந்த வீச்சுதான் தண்டுவடம் வழியாக இறங்கி உதரவிதானத்தைச் சுருக்குகிறது. அதன்பின் செல்கள் சற்று நேரம் அடங்கிவிடும். ஓய்வாக இருக்கும்போது மூச்சை வெளியே விட ஆணை எதுவும் தேவையில்லை, விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். பிறகு மறுபடியும் தூண்டல் பெருகும்.

இப்போது வேகம், ஆழம் என்ற இரண்டையும் இந்த வீச்சை வைத்தே சொல்லிவிடலாம். அடுத்த வீச்சு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது வேகம். ஒரு வீச்சு எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது ஆழம். முகுளத்துக்கு மேலே உள்ள பான்ஸ் பகுதி, வீச்சை எப்போது நிறுத்துவது என்பதில் கை வைக்கிறது. நுரையீரல் அதிகம் விரிந்தால் அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாகவும் 'போதும்' என்ற செய்தி வரும். 1868-இல் ஹெரிங், பிராயர் இருவரும் விவரித்த அனிச்சைச் செயல் அது. பாடப்புத்தகங்கள் அதற்குப் பெரிய இடம் கொடுக்கின்றன. ஆனால் வளர்ந்த மனிதர்களின் அமைதியான மூச்சில் அதன் பங்கு குறைவுதான், ஆழமாக இழுக்கும்போதுதான் அது தெரியும். மூச்சை ஆளும் பெரிய கை வேறு இடத்தில் இருக்கிறது.

வேகமாக மூச்சு விட்டால் போதுமா?

ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முறை, ஒவ்வொரு முறையும் 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நிமிடத்துக்கு 6 லிட்டர். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் தொண்டை, மூச்சுக்குழாய் போன்ற வெற்றுக் குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. இரத்தத்தோடு வாயுப் பரிமாற்றம் நடக்கும் காற்று நுண்ணறைகள் வரை போய்ச் சேருவது 350 மில்லிலிட்டர்தான். 12 மூச்சுக்கு 4.2 லிட்டர்.

அதே ஆள் நிமிடத்துக்கு 24 முறை, மேலோட்டமாக 250 மில்லிலிட்டர் வீதம் இழுத்தால்? மொத்தம் அதே 6 லிட்டர்தான். குழாயில் நிற்கும் 150-ஐக் கழித்தால் நுண்ணறைக்குப் போவது வெறும் 100. 24 மூச்சுக்கு 2.4 லிட்டர். வெளியில் இருந்து பார்த்தால் ஆள் இரண்டு மடங்கு வேகமாக மூச்சு விடுகிறார், உள்ளே பயன்படும் காற்றோ கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. நோயாளி வேகமாக மூச்சு விடுகிறாரே, நன்றாகத்தான் காற்று போகிறது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 4.2 லிட்டருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நேரடி உறவு உண்டு. உடல் ஓய்வில் நிமிடத்துக்கு சுமார் 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது. அத்தனையையும் நுண்ணறைக் காற்றுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். 4.2 லிட்டர் காற்றோட்டத்தில் தமனி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் நிற்கும். இனி இந்த அலகைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறேன். உற்பத்தி மாறாமல் இருக்க, நுண்ணறைக் காற்றோட்டம் பாதியானால் 40 என்பது நாளடைவில் 80 ஆகும். காற்றோட்டம் இரண்டு மடங்கானால் 20 ஆகும். எதிரெதிராக, அதே விகிதத்தில் மாறும். போதுமான அளவு மூச்சு விடுகிறோமா என்பதற்கு இதைவிட நேரான அளவுகோல் உடலுக்குள் வேறு இல்லை. அதனால்தான் மூளைத்தண்டு இதைப் பார்த்து முடிவெடுப்பது பொருத்தமாக இருக்கிறது.

இதை முதலில் துல்லியமாகக் காட்டியவர்கள் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும். ஆண்டு 1905. நீளமான குழாய் ஒன்றுக்குள் ஒருவரைச் சட்டென்று முழுவதுமாக ஊதச் சொல்லி, கடைசியில் வரும் காற்றைப் பிடித்து அளந்தார்கள். கடைசியில் வருவது நுண்ணறைகளின் அடியில் இருந்த காற்று. ஒரே ஆளிடம் நாள் மாற்றி நாள் அளந்தாலும் அதில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. அந்தக் காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு வெறும் 0.2 சதவீதப் புள்ளி கூடினாலே ஓய்விலிருக்கும் ஒருவரின் காற்றோட்டம் இரண்டு மடங்காகிவிடும் என்பதையும் கண்டார்கள். அவ்வளவு நுணுக்கமான பிடி அது. ஆக்சிஜனில் இதே அளவு மாற்றம் வந்தால் மூச்சு அசைந்துகூடக் கொடுக்காது.

முகுளத்தின் அடிப்பரப்பில் ஓர் அமிலக் காவல்

கார்பன் டை ஆக்சைடு கூடியதை முகுளம் எப்படி அறிகிறது? அந்த வாயுவைவிட, அது உண்டாக்கும் அமிலத்தைத்தான் முக்கியமாக உணர்கிறது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம், அதிலிருந்து ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை ஹைட்ரஜன் அயனியோ பைகார்பனேட்டோ எளிதில் தாண்ட முடியாது. மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறான கார்பன் டை ஆக்சைடு மட்டும் தடையே இல்லாததுபோல உள்ளே போய்விடும். உள்ளே போனதும் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் அமிலமாகிறது. இரத்தத்தில் அமிலத்தைத் தாங்கிக்கொள்ள நிறையப் புரதம் உண்டு, இந்தத் திரவத்தில் மிகக் குறைவு. அதனால் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் அங்கே அமிலத்தன்மை நன்றாகவே ஏறும். முகுளத்தின் முன்பக்க அடிப்பரப்பை ஒட்டி, ரெட்ரோட்ரப்பிஸாய்டு என்று அழைக்கப்படும் பகுதியிலும் வேறு சில இடங்களிலும் உள்ள நரம்பணுக்கள் அந்த ஏற்றத்தை உணர்ந்து தாளம் போடும் இடத்தை முடுக்கிவிடுகின்றன. இவைதான் மைய வேதி உணர்விகள். கார்பன் டை ஆக்சைடு கூடும்போது மூச்சு அதிகரிப்பதில் பெரும்பங்கு, கிட்டத்தட்ட முக்கால் பங்கு, இவற்றால்தான்.

முடுக்கம் எவ்வளவு? தமனியில் கார்பன் டை ஆக்சைடு 1 கூடினால், நிமிடக் காற்றோட்டம் 2 முதல் 3 லிட்டர் வரை கூடும். ஆளுக்கு ஆள் இது நன்றாகவே மாறும். கூடும்போது பொதுவாக முதலில் ஆழம்தான் அதிகம் வளரும், வேகம் பின்னால் சேரும். வெற்றுக் குழாயின் 150 மில்லிலிட்டர் கணக்கை யோசித்தால் இது எவ்வளவு சிக்கனமான வழி என்று புரியும். ஒரு மூச்சை 500-இலிருந்து 1000 ஆக்கினால் கூடுதலாக வரும் 500-உம் முழுதாக நுண்ணறைக்கே போகிறது.

கழுத்தில் இன்னொரு காவல்

தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இரு பக்கமும் பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு திசுத்துணுக்கு இருக்கிறது. பெயர் கரோட்டிட் உடலம். எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே மிக அதிக இரத்தம் பாயும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. அதன் செல்கள் தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை உணர்ந்து, ஒன்பதாம் மூளை நரம்பு வழியாக முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. இந்தச் செல்கள் மூச்சை எப்படி மாற்றுகின்றன என்று காட்டியதற்காக கோர்னெய் ஹெமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மகாதமனியின் வளைவிலும் இதேபோன்ற துணுக்குகள் உண்டு, மனிதர்களில் அவற்றின் பங்கு சிறியது.

ஆரோக்கியமானவரின் தமனியில் ஆக்சிஜன் அழுத்தம் 95 முதல் 100 வரை இருக்கும். அது 80 ஆனாலும் கரோட்டிட் உடலம் பெரிதாகச் சத்தம் போடாது. 60-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால்தான் செய்தி செங்குத்தாக ஏறும். இது அலட்சியம் இல்லை. 60 வரைக்கும் ஹீமோகுளோபின் 90 சதவீதம் நிரம்பியே இருக்கிறது, அதற்குக் கீழேதான் சரிவு வேகமாகிறது. ஆபத்து தொடங்கும் இடத்தில்தான் காவலும் தொடங்குகிறது.

இரண்டு விஷயங்களை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அது உணர்வது ஆக்சிஜனின் அழுத்தத்தை, மொத்த அளவை அல்ல. கார்பன் மோனாக்சைடு நச்சில் ஹீமோகுளோபினில் பாதி பறிபோய்விட்டாலும் இரத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அழுத்தம் அப்படியே இருக்கும். கரோட்டிட் உடலம் பெரிதாகக் கலங்காது, ஆளுக்கு மூச்சு முட்டாது, தலைவலியோடு மயங்கிவிடுவார். இன்னொன்று, இந்த உறுப்பு கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும்கூட உணர்கிறது, சில நொடிகளுக்குள்ளேயே. அதோடு, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும்போது ஆக்சிஜன் குறைந்தால் பதில் மிகப் பலமாக வரும். கார்பன் டை ஆக்சைடு மிகவும் குறைந்திருக்கும்போது அதே ஆக்சிஜன் குறைவுக்கு மந்தமான பதில்தான் வரும். நினைவில் வையுங்கள், கீழே வரும் சம்பவத்தின் முடிச்சே இதுதான்.

இரண்டு காவல்களும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இடம் உயர்ந்த மலை. மேலே போகப் போக ஆக்சிஜன் அழுத்தம் குறையும், கரோட்டிட் உடலம் மூச்சைக் கூட்டும். கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். உடனே மையக் காவல் 'அதிகமாகிவிட்டது, குறை' என்று தடுக்கும். முதல் சில இரவுகளில் மலையேறுபவர்கள் தூக்கத்தில் பல நொடிகள் மூச்சே விடாமல் கிடந்து, பிறகு திடீரென்று பலமாக இழுப்பதைப் பக்கத்தில் படுத்திருப்பவர் கவனிக்கலாம். இந்த இழுபறிதான் அது. சிறுநீரகம் சில நாட்களில் பைகார்பனேட்டை வெளியேற்றி அமிலக் கணக்கைச் சரிசெய்த பிறகு தடை தளர்கிறது. மலைநோய்க்குக் கொடுக்கும் அசிட்டஸோலமைடு மாத்திரை இதே வேலையைச் சீக்கிரமாக்குகிறது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஓடும்போது மூச்சு பல மடங்கு கூடுவதை இந்தக் காவல்களை மட்டும் வைத்து விளக்க முடியாது. மிதமான உடற்பயிற்சியில் தமனியின் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதே இல்லை. தசைக்கு ஆணை போகும்போதே மூளையில் இருந்து மூச்சுக்கும் ஒரு தூண்டல் போகிறது, அசையும் கைகால்களில் இருந்தும் செய்தி வருகிறது. வேதி உணர்விகள் அங்கே மிச்சமிருக்கும் பிழையைத் திருத்துகின்றன.

நீருக்கடியில் ஏமாறும் காவல்

நன்றாக நீந்தத் தெரிந்த ஓர் இளைஞர். 25 மீட்டர் குளத்தில் நீருக்கடியிலேயே போய்த் திரும்பி வர வேண்டும் என்று ஆசை. முதல் முயற்சியில் சாதாரணமாக ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்குகிறார். அவருடைய கார்பன் டை ஆக்சைடு 40-இல் தொடங்குகிறது. நீந்தும் தசைகள் அதை வேகமாக உண்டாக்குகின்றன. 50-ஐ நெருங்கும்போது மூச்சு முட்டுகிறது, உதரவிதானம் துடிக்கிறது, மேலே வந்துவிடுகிறார். ஆக்சிஜன் அழுத்தம் அப்போது 60-ஐ ஒட்டி இருக்கும். காவல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இரண்டாம் முயற்சிக்கு முன் யாரோ சொன்ன யோசனைப்படி கரையில் நின்று ஒரு நிமிடம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுகிறார். ஆக்சிஜனை நிறையச் சேர்த்துக்கொள்கிறேன் என்பது அவர் எண்ணம். என்ன சேர்ந்தது என்று கணக்குப் போடலாம். அவருடைய ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பியிருந்தது, இனி அதில் ஏற்ற இடமில்லை. நுண்ணறையில் ஆக்சிஜன் அழுத்தம் 100-இலிருந்து 125 வரை போகலாம். நுரையீரலில் 5 லிட்டர் காற்று இருந்தால் கூடுதலாகக் கிடைத்த ஆக்சிஜன் 165 மில்லிலிட்டர் அளவுதான். நீந்தும் உடல் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்று கொண்டால், அவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்தது 10 நொடிக்குத்தான் வரும்.

ஆனால் கார்பன் டை ஆக்சைடு? 40-இலிருந்து 20-க்கு இறங்கிவிட்டது. தலை லேசாகச் சுற்றுகிறது, விரல் நுனியும் உதடும் மரமரவென்று இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் வரும் கிறுகிறுப்பு இது. இளைஞரோ இதை 'நன்றாக ஏறியிருக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறார்.

மூழ்குகிறார். முதல் நீளம் சுகமாகப் போகிறது, மூச்சு முட்டவே இல்லை. முன்பு 40-இலிருந்து 50 வரை ஏற 10 போதும், இப்போது 20-இலிருந்து 50 வரை 30 ஏற வேண்டும். அதற்குள் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கிறது: 60, 50, 40. கரோட்டிட் உடலம் கத்தியிருக்க வேண்டிய நேரம். கார்பன் டை ஆக்சைடு இன்னும் தாழ்வாகவே இருப்பதால் அதன் குரலும் அமுங்கிப்போகிறது. ஆக்சிஜன் 30-க்குப் பக்கத்தில் வரும்போது மூளையின் மேற்பகுதி விளக்கை அணைத்ததுபோல நின்றுவிடுகிறது. எச்சரிக்கை, மூச்சுத் திணறல், பயம் எதுவும் முன்னால் வருவதில்லை. ஆல்பர்ட் கிரெய்க் என்ற மருத்துவர் 1961-இல் இப்படி நீருக்கடியில் மயங்கிப் பிழைத்தவர்களின் அனுபவங்களைத் தொகுத்து எழுதினார். மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் பெரிதாக இல்லாமலேயே நினைவு தப்பியிருக்கிறது என்பதுதான் அதில் தெரிந்தது.

அதன்பின் நடப்பது இன்னும் கொடுமை. நினைவு போனாலும் மூளைத்தண்டு உடனே சாவதில்லை, ஆக்சிஜன் குறைவை அது மேற்பகுதியைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் எல்லையைத் தொடுகிறது, மூளைத்தண்டு தன் கடமைப்படி மூச்சை இழுக்க ஆணையிடுகிறது. வாயைச் சுற்றி இருப்பது தண்ணீர்.

ஆழமான நீரில் இன்னொன்றும் சேர்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் நுரையீரலில் உள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் இரண்டு மடங்காகத் தெரியும். மேலே வர வர அது பாதியாகும். ஆகவே மூச்சடக்கி ஆழம் போகிறவர்கள் அடியில் தெளிவாக இருந்துவிட்டு, நீர்ப்பரப்பை நெருங்கும் கடைசி சில மீட்டர்களில் மயங்குகிறார்கள்.

இது வருவதை உள்ளிருந்து அறிய வழியில்லை, அறிவிக்க வேண்டிய காவலைத்தானே முடக்கிவிட்டோம். தெரிகிற ஒரே அறிகுறி மூழ்கும் முன்பு வருவது: கிறுகிறுப்பு, விரல்களில் மரமரப்பு. அது இருந்தால் நீருக்குள் இறங்கவே கூடாது. கரையில் இருப்பவர் பார்க்க வேண்டியது கை வீச்சு திடீரென்று நிற்கிறதா, உடல் தளர்கிறதா, காற்றுக் குமிழிகள் ஒரேயடியாக வெளிவருகின்றனவா என்று. அப்படித் தெரிந்தால் 'விளையாடுகிறார் போல' என்று காத்திருக்காமல் அந்த நொடியே குதித்துத் தூக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு கூடியும் கேட்காதபோது

நேர் எதிரான கோளாறும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, கேட்க வேண்டிய இடம் கேட்பதில்லை. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் ப்ரீபாட்ஸிங்கர் கூட்டமைப்பு, பான்ஸ் ஆகிய இடங்களில் உள்ள ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு தாளத்தைத் தளர்த்துகின்றன. கார்பன் டை ஆக்சைடுக்கு வரும் பதிலும் மழுங்குகிறது. நிமிடத்துக்கு 12 மூச்சு 8 ஆகும், 6 ஆகும். ஆள் நிம்மதியாகத் தூங்குவதுபோலத்தான் தெரியும்.

இதில் மருத்துவமனையில் நடக்கும் ஒரு தவறைக் கணக்கோடு பார்த்துவிடலாம். அறுவை சிகிச்சை முடிந்த ஒருவருக்கு மார்ஃபினால் நுண்ணறைக் காற்றோட்டம் பாதியாகிவிட்டது என்று வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு 80-ஐ நோக்கி ஏறும். அவர் வெறும் அறைக் காற்றைச் சுவாசித்தால் நுண்ணறையில் ஆக்சிஜனுக்கு இடம் குறைந்து அதன் அழுத்தம் 50 அளவுக்கு இறங்கும். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டிக் கூப்பாடு போடும். அவருக்கு 40 சதவீத ஆக்சிஜன் முகமூடி வைத்திருந்தால்? அதே கார்பன் டை ஆக்சைடு 80-இலும் நுண்ணறை ஆக்சிஜன் 185 இருக்கும். ஆக்ஸிமீட்டர் 99 சதவீதம் காட்டும். திரையில் எல்லாம் சரியாக இருக்க, இரத்தம் அமிலமாகிக்கொண்டே போகும், ஆள் எழுப்ப முடியாத தூக்கத்தில் ஆழ்ந்துகொண்டே போவார். ஆக்ஸிமீட்டர் அளப்பது ஆக்சிஜன் நிரம்பலை, மூச்சு போதுமா என்பதை அல்ல. அதனால்தான் மயக்கவியல் மருத்துவர்கள் வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியை நம்புகிறார்கள். அது இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் முழுதாக மார்பைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும், கூப்பிட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும். நலாக்சோன் ஊசி ஓபியாய்டை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். அதன் வேலை ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடலாம், மருந்து உடலில் அதைவிட நீடித்தால் மூச்சு மறுபடியும் தளரும். எழுந்து பேசிவிட்டார் என்று கண்காணிப்பை விலக்கிவிடக் கூடாது.

மருந்து எதுவும் இல்லாமலேயே, பிறவியிலேயே இந்தக் காவல் அமையாத குழந்தைகளும் இருக்கிறார்கள், மிக அரிதாக. PHOX2B என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம் என்று 2003-இல் கண்டறிந்தார்கள். ரெட்ரோட்ரப்பிஸாய்டு பகுதியின் நரம்பணுக்கள் உருவாக இந்த மரபணு தேவை. இப்படிப்பட்ட குழந்தை விழித்திருக்கும்போது பெரும்பாலும் மூச்சு விடும், விழிப்பே மூளைத்தண்டுக்கு ஒரு தூண்டல். தூங்கியதும் மூச்சு மேலோட்டமாகி, வேகம் கூடாமல், கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். உதடு நீலமானாலும் குழந்தை திணறாது, அழாது, புரண்டுகூடப் படுக்காது. மூச்சு முட்டும் உணர்வே அதற்குக் கிடையாது. அதனால் தூக்கத்தில் வென்டிலேட்டர் வாழ்நாள் முழுவதும் வேண்டும், இரவில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு இரண்டையும் கருவியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வளர்ந்த பிறகும் நீருக்கடியில் மூச்சடக்கும் விளையாட்டுகளில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் தனியாகச் சொல்லி அனுப்புகிறார்கள்.